காசை அச்சடித்தால் அதற்கு வரி கட்டுவது யார்?

போன கிழமை இடைவேளையில் எங்கள் ஆசிரியர் அறையில் சம்பளப் பேச்சு வந்தது. வழக்கம்போல எல்லாரும் கதைத்தார்கள். கணிதம் படிப்பிக்கும் ஒரு சேர், தேநீரை வைத்துவிட்டுச் சொன்னார்: "அரசாங்கத்திட்ட காசு இல்லையாம். இல்லாட்டி அச்சடிக்கத்தானே வேணும். மத்திய வங்கி எதுக்கு இரிக்கி?"

சிலர் சிரித்தார்கள். ஆனால் சிரித்தவர்களிலும் பாதிப் பேர் அதை உண்மை என்றுதான் நினைக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. மணி அடித்துவிட்டது, பதில் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் ஒரு விடயத்தைத் தெளிவாக்க வேண்டும். 2022இல் நாங்கள் பட்டது அதிதீவிர பணவீக்கம் என்று இப்போதும் பலர் எழுதுகிறார்கள். இல்லை. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். உணவுக்கு மட்டும் பார்த்தால் 94.9 வீதம். அதாவது ஒரு வருடத்தில் சாப்பாட்டுச் செலவு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அது எங்களுக்குப் பெரிய அடி. ஆனால் பொருளியலில் அதிதீவிர பணவீக்கம் என்று சொல்வதற்கு ஃபிலிப் கேகன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1956இல் வைத்த அளவுகோலைத்தான் பெரும்பாலும் பாவிக்கிறார்கள். விலை மாதத்துக்கு 50 வீதம் கூட வேண்டும். வருடத்துக்கு அல்ல, மாதத்துக்கு.

இதைக் கரும்பலகையில் போட்டுப் பார்த்தால்தான் விளங்கும். இன்று 100 ரூபாவுக்கு விற்கும் பாண் அடுத்த மாதம் 150. அதற்கடுத்த மாதம் 225. மூன்றாம் மாதம் 337. இப்படியே பன்னிரண்டு மாதம் போனால் அந்தப் பாண் ஏறத்தாழ 13,000 ரூபா. எங்களுடைய மோசமான வருடத்தில் 100 ரூபாப் பொருள் 170 ரூபாவானது. அதிதீவிர பணவீக்கத்தின் வாசற்படியில் மட்டும் நின்றாலே அது 13,000 ஆகிறது. நாங்கள் அந்த வீட்டுக்குள் போகவில்லை. தெருவில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தோம்.

உள்ளே போனவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் எனக்கு நன்றாகத் தெரிந்தது 1923ஆம் ஆண்டு ஜேர்மனி. தள்ளுவண்டியில் காசு கொண்டுபோன கதை, நோட்டை அடுப்பில் போட்டு எரித்த கதை எல்லாம் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தப் படங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறோம். காசு எப்படி அந்த நிலைக்கு வந்தது, அந்த வண்டியில் இருந்த பெறுமதி யாருடைய பைக்குள் போனது என்பதை யாரும் கேட்பதில்லை. எனக்கு முக்கியம் அந்த இரண்டாவது கேள்விதான்.

1914இல் யுத்தம் தொடங்கும்போது ஒரு அமெரிக்க டொலர் 4.2 மார்க். மார்க்குக்குப் பின்னால் தங்கம் இருந்தது. யுத்தம் தொடங்கியவுடன் நோட்டுக்குத் தங்கம் கொடுப்பதை நிறுத்தினார்கள். யுத்தச் செலவுக்கு வரியைக் கூட்டவும் அவர்கள் பெரிதாக விரும்பவில்லை. மக்களிடம் கடன் வாங்கினார்கள். யுத்தக் கடன்பத்திரம் என்று ஒன்பது தடவை வெளியிட்டு, ஏறத்தாழ 98 பில்லியன் மார்க் திரட்டினார்கள். ஆசிரியர், தபால்காரர், சிறு கடைக்காரர், விதவை என்று நாட்டின்மேல் நம்பிக்கை வைத்த சாதாரண சனம் அதை வாங்கியது. வென்றால் தோற்றவனிடம் வாங்கித் திருப்பிக் கொடுக்கலாம் என்பது ஆட்சியாளர்களின் கணக்கு. தோற்றார்கள். தோற்றதோடு வென்ற நாடுகளுக்கு நட்டஈடும் கட்ட வேண்டி வந்தது.

யுத்தத்துக்குப் பிறகு வந்த அரசாங்கங்களுக்குச் செலவு அதிகம், வருமானம் குறைவு. அங்கவீனரான படையினருக்கும் விதவைகளுக்கும் ஓய்வூதியம், ரயில்வேயின் நட்டம், நட்டஈடு எல்லாம் இருந்தது. யாருக்கு வரி போடுவது என்பதில் கட்சிகளுக்குள் உடன்பாடே வரவில்லை. தொழிலதிபர்கள் தங்கள் சொத்தில் கை வைக்க விடவில்லை. தொழிலாளர்கள் தங்கள் சம்பளத்தில் கை வைக்க விடவில்லை. அப்போது எல்லாருக்கும் வசதியாக ஒரு வழி இருந்தது. அரசாங்கம் திறைசேரி உண்டியலை எழுதிக் கொடுக்கும். ரைக்ஸ்பாங்க் என்ற மத்திய வங்கி அதை எடுத்துக்கொண்டு புது நோட்டைக் கொடுக்கும். யாரிடமும் வரி கேட்கத் தேவையில்லை, பாராளுமன்றத்தில் சண்டை பிடிக்கவும் தேவையில்லை.

அது உடனே வெடிக்கவில்லை. இதைத்தான் நாங்கள் கவனிக்க வேண்டும். 1920 ஜனவரியில் டொலர் ஏறத்தாழ 65 மார்க். ஒன்றரை வருடம் கழித்து 1921 ஜூலையில் 77. ஏறத்தாழ அப்படியே நின்றது. காரணம், சனத்துக்கு மார்க்கின் மேல் இன்னும் நம்பிக்கை இருந்தது. மார்க் விழுந்திருக்கிறது, யுத்தம் முடிந்துவிட்டது, ஒரு நாள் எழும்பும் என்று நினைத்து மார்க்கைக் கையில் வைத்திருந்தார்கள். வெளிநாட்டவர்கள்கூட, மலிவாகக் கிடைக்கிறது, நாளைக்கு விலை ஏறும் என்று மார்க்கை வாங்கி வைத்தார்கள். புதிதாக அடித்த நோட்டு பலருடைய பெட்டியிலும் வங்கிக் கணக்கிலும் அமைதியாக உறங்கியது. சந்தைக்கு முழுவதும் வரவில்லை. வேலைவாய்ப்பும் அப்போது நன்றாகவே இருந்தது. "பார்த்தீர்களா, அச்சடித்தோம், ஒன்றும் ஆகவில்லையே" என்று சொல்லக்கூடிய காலம் அது. அந்தக் காலம்தான் ஆபத்தான காலம்.

1922 கோடையில் அந்த நம்பிக்கை உடைந்தது. ஜூன் 24ஆம் திகதி வெளிநாட்டமைச்சர் வால்டர் ராத்தெனாவைப் பட்டப்பகலில் சுட்டுக் கொன்றார்கள். நட்டஈட்டைக் குறைத்துத் தருவார்கள், வெளிநாட்டுக் கடன் கிடைக்கும் என்றிருந்த எதிர்பார்ப்பும் அதே நாட்களில் கைவிட்டுப் போனது. மார்க் இனி எழும்பாது என்று சனம் முடிவு செய்தது. ஜூலையில் டொலர் 493 மார்க். அடுத்த ஜனவரியில் 17,972. அந்த ஆறு மாதத்தில் நோட்டும் கூடியதுதான். ஆனால் விலை அதைவிட மிக வேகமாகக் கூடியது. ஏன்? முன்னர் அடித்த நோட்டெல்லாம் பெட்டியை விட்டு வெளியே வரத் தொடங்கியது.

2022இல் எங்கள் ஊர்க் கடையில் நடந்தது எனக்கு நல்ல ஞாபகம். பால்மா வாங்கப் போனேன். கடைக்கார நாநா சொன்னார்: "சேர், ரெண்டு பக்கற் எடுத்துட்டுப் போங்க. நாளைக்கு இந்த விலை இல்ல." நானும் எடுத்தேன். எனக்குத் தேவைப்பட்டது ஒன்றுதான். நான் செய்தது பிழையா? என் வீட்டுக்கு அது சரி. ஆனால் ஒரு ஊர் முழுவதும், ஒரு நாடு முழுவதும் அப்படி நினைத்தால், அதே அளவு காசு இரண்டு மடங்கு வேகத்தில் கைமாறும். அச்சு இயந்திரம் ஓடாவிட்டாலும் விலை ஏறும். காசு எவ்வளவு இருக்கிறது என்பது கணக்கின் ஒரு பாதி. அதை எத்தனை நாள் சனம் கையில் வைத்திருக்கச் சம்மதிக்கிறது என்பது மறுபாதி. எங்களுக்கு அது பால்மாவோடும் மண்ணெண்ணெயோடும் நின்றது. ஜேர்மனியில் எல்லாப் பொருளுக்கும் வந்தது.

1923 ஜனவரியில் பிரான்சும் பெல்ஜியமும் ரூர் என்ற நிலக்கரிப் பிரதேசத்துக்குள் படையை அனுப்பின. ஜேர்மன் அரசாங்கம் அங்குள்ள தொழிலாளர்களை வேலைநிறுத்தம் செய்யச் சொன்னது, அவர்களின் சம்பளத்தைத் தான் கொடுப்பதாகச் சொன்னது. அந்தச் சம்பளமும் அச்சடித்த காசுதான். ஜூலையில் டொலர் 353,412 மார்க். செப்டெம்பரில் கிட்டத்தட்ட 99 மில்லியன். ஒக்டோபரில் 25 பில்லியன். ஒரு மாதச் சராசரியிலிருந்து அடுத்த மாதச் சராசரிக்கு ஏறத்தாழ 250 மடங்கு. நவம்பர் நடுவில் 4.2 ட்ரில்லியன், அதாவது 42க்குப் பின்னால் பதினொரு பூச்சியம்.

இந்த நேரத்தில் நடந்த விசித்திரத்தைப் பாருங்கள். நாடு முழுவதும் காசுத் தட்டுப்பாடு! நிறுவனங்கள் சம்பளம் கொடுக்க நோட்டில்லை என்று முறையிட்டன. ஊர்ச் சபைகளும் தொழிற்சாலைகளும் தங்கள் பேரிலேயே அவசர நோட்டு அடித்தன. ரைக்ஸ்பாங்க்கின் தலைவர் ருடோல்ஃப் ஹாவென்ஸ்டைன் இந்தத் தட்டுப்பாட்டைத் தீர்ப்பது தன் கடமை என்று உண்மையாகவே நம்பினார். கெட்ட மனிதர் அல்ல, கடுமையாக உழைத்த அதிகாரி. முப்பதுக்கு மேற்பட்ட கடதாசி ஆலைகளும் 133 அச்சகங்களும் அவருக்காக வேலை செய்தன. ஒருபக்கம் மட்டும் அச்சடித்தார்கள். பழைய ஆயிரம் மார்க் நோட்டின் மேலே ஒரு பில்லியன் என்று சிவப்பு மையில் குத்தி வெளியில் விட்டார்கள். புழக்கத்தில் உள்ள மொத்தப் பணத்தின் மூன்றில் இரண்டு பங்கை ஒரே நாளில் வெளியிடும் நிலைக்குச் சீக்கிரம் வந்துவிடுவோம் என்று 1923 ஆகஸ்டில் அவர் பேசினார். அதை வெட்கத்தோடு சொல்லவில்லை, சாதனையாகச் சொன்னார்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 1923 நவம்பர் 15ஆம் திகதி புழக்கத்திலிருந்த ரைக்ஸ்பாங்க் நோட்டின் மொத்தம் கிட்டத்தட்ட 93 மில்லியன் ட்ரில்லியன் மார்க். வாய்க்குள் நுழையாத தொகை. ஆனால் ஒரு ட்ரில்லியன் கடதாசி மார்க் அன்றைக்கு ஒரு பழைய தங்க மார்க்குக்குச் சமம். அப்படியானால் அந்த மலையின் மொத்தப் பெறுமதி 93 மில்லியன் தங்க மார்க். யுத்தத்துக்கு முன் அதே நாட்டில் புழங்கிய பணம் ஏறத்தாழ 6 பில்லியன். அறுபதில் ஒரு பங்குகூட மிச்சமில்லை! நோட்டு கூடக் கூட, எல்லா நோட்டும் சேர்ந்து வாங்கக்கூடிய பொருள் குறைந்துகொண்டே போனது. ஹாவென்ஸ்டைன் தட்டுப்பாடு என்று கண்டது இதைத்தான். சனம் காசை ஒரு மணித்தியாலம்கூட வைத்திருக்க மறுத்தது. தட்டுப்பாடாக இருந்தது நம்பிக்கை. அதை எந்த அச்சகத்திலும் அடிக்க முடியாது.

சரி, பெறுமதி யாருடைய பைக்குள் போனது?

ஒரு ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியரை நினைத்துக்கொள்ளுங்கள். கணக்குக்காக நான் உருவாக்கும் மனிதர்தான், ஆனால் இவரைப் போல இலட்சக்கணக்கானோர் இருந்தார்கள். வாழ்நாள் முழுவதும் சேர்த்த 10,000 மார்க் 1913இல் வங்கியில் இருக்கிறது. அன்று அது 2,380 டொலர். 1920 ஜனவரியில் அதே 10,000 மார்க் 154 டொலர். 1922 ஜனவரியில் 52 டொலர். 1923 ஜனவரியில் 56 சதம். ஜூலையில் மூன்று சதமும் இல்லை. நவம்பரில் அதற்கு விலையே சொல்ல முடியாது. வங்கிப் புத்தகத்தில் எழுதிய எண் ஒருநாளும் குறையவில்லை. கள்ளன் வரவில்லை, வங்கி உடையவில்லை. எண் அப்படியே இருக்கிறது, அதற்குள் இருந்தது போய்விட்டது.

இனி மறுபக்கம். 1922 ஜனவரியில் 10,000 மார்க் கடன் எடுத்த ஒரு வியாபாரி அன்றைக்கு 52 டொலர் பெறுமதியான சரக்கை வாங்கலாம். ஒரு வருடம் கழித்துக் கடனைக் கட்டும்போது முதலாக அவர் கொடுப்பது 56 சதம். மத்திய வங்கியின் வட்டி வீதம் 1922 ஜூலை வரைக்கும் வெறும் 5 வீதம். 1923 செப்டெம்பரில் அதை 90 வீதமாக்கினார்கள். வருடத்துக்கு 90! அப்போது பணம் ஒரு கிழமைக்குள் அதைவிட வேகமாகக் கரைந்துகொண்டிருந்தது. இதைப் புரிந்துகொண்ட பெரிய முதலாளிகள் கடனுக்கு மேல் கடன் எடுத்து ஆலை, சுரங்கம், கப்பல், காணி என்று வாங்கிக் குவித்தார்கள். ஹூகோ ஸ்டின்னெஸ் என்பவர் அதில் மிகப் பெரியவர். கட்டும் நேரத்தில் கடன் கடதாசியாகிவிட்டது. வாங்கிய சுரங்கம் சுரங்கமாகவே இருந்தது.

ஆனால் எல்லாக் கடனாளிகளையும் விடப் பெரிய கடனாளி அரசாங்கம்தான். ஒன்பது தடவை மக்களிடம் வாங்கிய அந்த 98 பில்லியன் மார்க் யுத்தக் கடன் இருக்கிறதல்லவா? 1923 நவம்பரில் அது முழுவதன் பெறுமதி கிட்டத்தட்ட 10 பெனிக். ஒரு மார்க்கின் நூறில் ஒரு பங்குதான் பெனிக். ஒரு நாட்டின் முழு யுத்தக் கடனையும் ஒரு சிறுவன் தன் சட்டைப்பைச் சில்லறையால் தீர்த்துவிடலாம் என்ற நிலை.

இது எப்படிச் சட்டப்படி நடந்தது? மார்க் என்றால் மார்க்தான் என்பது அங்கே சட்டக் கொள்கை. நூறு மார்க் கடன் வாங்கினால் நூறு மார்க் திருப்பிக் கொடுத்தால் போதும், அந்த நூறின் பெறுமதி என்ன என்று நீதிமன்றம் கேட்காது. சாதாரண காலத்தில் இது நியாயமான விதி. அந்தக் காலத்தில் இது கொள்ளையடிக்கும் அனுமதிப்பத்திரம் ஆனது. வீட்டை ஈடு வைத்துக் கடன் வாங்கியவர்கள் ஒரு பாணின் விலைக்கும் குறைந்த காசைக் கொண்டுவந்து நீட்டி, ஈட்டை மீட்டுக்கொண்டு போனார்கள். கடன் கொடுத்தவர் மறுக்க முடியாது. 1923 நவம்பர் 28ஆம் திகதிதான் ஜேர்மன் உயர் நீதிமன்றம் ஒரு அடமான வழக்கில், இப்படிக் கட்டுவது நேர்மைக்கு விரோதம், கடன் தீர்ந்ததாக ஏற்க முடியாது என்று தீர்ப்பளித்தது. 1925இல் சட்டமே வந்தது. அடமானக் கடன்களுக்குப் பழைய பெறுமதியில் 25 வீதம். அரசாங்கக் கடன்பத்திரத்துக்கு 2.5 வீதம். நாட்டை நம்பிக் கொடுத்தவர்களுக்குத்தான் ஆகக் குறைந்த பங்கு.

ஆகவே கணித சேருக்கு என் முதல் பதில் இதுதான். அச்சடிப்பது இலவசம் இல்லை. அதுவும் ஒரு வரிதான். பாராளுமன்றத்தில் வாக்கெடுக்காத வரி, ரசீது தராத வரி. அதைக் கட்டுவது காணியும் தங்கமும் டொலரும் உள்ளவர் அல்ல. மாதச் சம்பளக்காரர், ஓய்வூதியக்காரர், வங்கியில் சேமித்தவர், கடன் கொடுத்தவர். சுருக்கமாகச் சொன்னால், காசை நம்பியவர் கட்டுகிறார். ஓடத் தெரிந்தவர் தப்பிவிடுகிறார்.

இன்னொன்றும் உண்டு. அந்த வரி உண்மையான வரியையும் கொன்றுவிடுகிறது. இந்த வருட வருமானத்துக்கான வரியைக் கணக்குப் பார்த்துச் சில மாதம் கழித்துத்தான் அறவிடுவார்கள். அந்தச் சில மாதத்தில் காசு கரைந்தால் வரிக் காசும் கரைகிறது. தாமதமாகக் கட்டுகிறவனுக்கு இலாபம், அதனால் எல்லாரும் தாமதிக்கிறார்கள். 1923 இலையுதிர் காலத்தில் ஜேர்மன் அரசின் செலவில் வரியால் வந்தது மிகச் சொற்பம். ஆகவே இன்னும் அச்சடிக்க வேண்டும். அச்சடிப்பதால் வரி வராது, வரி வராததால் அச்சடிப்பு. கிணற்றுக்குள் விழுந்தவன் ஏறுவதற்கு மண்ணைத் தோண்டுவது போல.

அப்படியானால் அது எப்படி நின்றது? நவம்பர் 15ஆம் திகதி ரென்டன்மார்க் என்ற புதுப் பணத்தை வெளியிட்டார்கள். ஒரு ட்ரில்லியன் பழைய மார்க்குக்கு ஒரு ரென்டன்மார்க். நாட்டின் காணிகளும் தொழில்களும் இதற்கு ஈடு என்றார்கள். ஆனால் நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்து ஒரு துண்டுக் காணி வாங்க யாராலும் முடியாது. பிறகு ஏன் சனம் அதை நம்பியது? அரசாங்கத்துக்குக் கொடுக்கக்கூடிய தொகைக்கு 1.2 பில்லியன் என்று எல்லை போட்டிருந்தார்கள், ரைக்ஸ்பாங்க் இனித் திறைசேரி உண்டியலுக்குக் காசு கொடுக்காது என்றும் நிறுத்தினார்கள். டிசம்பரில் அரசாங்கம் அந்த எல்லைக்கு மேல் கேட்டது. முடியாது என்று பதில் வந்தது. நம்பிக்கை திரும்பியதற்கு காணியை விட அந்த "முடியாது" பெரிய காரணம் என்பது என் கருத்து. அதன் பிறகு சனம் மறுபடியும் காசைக் கையில் வைத்திருக்கத் தொடங்கியது. புழக்கத்திலிருந்த நோட்டின் அளவு அடுத்த வாரங்களில் பல மடங்கு கூடியும் விலை ஏறவில்லை. பெட்டிக்குள் காசு மறுபடி உறங்கப் போய்விட்டது.

அதற்கும் விலை இருந்தது, மறைக்கக் கூடாது. அரசாங்கம் தன் ஊழியர்களில் கால்வாசிப் பேரைக் குறைக்க ஆணை போட்டது. ரயில்வே மட்டும் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோரை வீட்டுக்கு அனுப்பியது. அந்த டிசம்பரில் தொழிற்சங்க உறுப்பினர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் வேலை இல்லாமல் இருந்தார்கள். வருடக்கணக்காக வரி போடத் தயங்கிய கடனை, ஒரே குளிர்காலத்தில் ஏழைகள் கட்டினார்கள்.

இனி எங்கள் நாட்டுக்கு வருவோம். 2019 கடைசியில் பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைத்தார்கள். எல்லாரும் கை தட்டினோம். பிறகு கொவிட் வந்தது. வருமானம் விழுந்தது, மத்திய வங்கி திறைசேரி உண்டியல்களை வாங்கிக் குவித்தது. அப்போதும் ஒன்றரை வருடம் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. "பணம் அச்சடித்தால் பணவீக்கம் வராது" என்று தொலைக்காட்சியில் பேசியவர்களை மறக்கவில்லை. 2022 ஜனவரியில் அரச ஊழியருக்கு மாதம் 5,000 ரூபா மேலதிகமாகக் கொடுத்தார்கள். நானும் வாங்கினேன், சந்தோசப்பட்டேன். மார்ச்சில் டொலர் 200இலிருந்து பாயத் தொடங்கியது, மே மாதத்தில் 360. அந்த 5,000 எங்கே போனது என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

எங்கள் உம்மா ஹஜ்ஜுக்கென்று பத்து இலட்சம் ரூபா சேர்த்து வைத்திருந்தார். வருடக்கணக்கில் சீட்டுப் போட்டு, தையல் தைத்துச் சேர்த்த காசு. 2022 தொடக்கத்தில் அது 5,000 டொலர். மே மாதத்தில் 2,800 டொலருக்கும் குறைவு. புத்தகத்தில் பத்து இலட்சம் அப்படியே இருந்தது. "காசு குறையல்லத்தானே மகன்?" என்று கேட்டார். என்ன சொல்வது? அந்த ஜேர்மன் ஆசிரியரின் கணக்கு எனக்குப் புத்தகத்தில் படித்த கதையாக இல்லாமல் போனது அன்றைக்குத்தான்.

நாங்கள் வாசற்படியில் திரும்பியதற்குக் காரணம் 2022 ஏப்ரலில் வட்டி வீதத்தை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி கூட்டியது, பிறகு வரியைக் கூட்டியது, அச்சடிப்பைக் குறைத்தது. அதனால் எத்தனை சிறு தொழில் முடங்கியது என்பதும் எனக்குத் தெரியும். 2023இல் புதிய மத்திய வங்கிச் சட்டம் வந்தது. அரசாங்கம் வெளியிடும் உண்டியலை மத்திய வங்கி முதன்மைச் சந்தையில் நேரடியாக வாங்கக் கூடாது என்கிறது. நான் அதை ஆதரிக்கிறேன். ஆனால் சட்டம் வந்துவிட்டது, இனிப் பயமில்லை என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1922 மே மாதத்திலேயே ரைக்ஸ்பாங்க்கை அரசாங்கத்திடமிருந்து சுதந்திரமாக்கிச் சட்டம் போட்டார்கள். அதன் பிறகுதான் மோசமான பதினெட்டு மாதமும் வந்தது. "முடியாது" என்று சொல்லும் உரிமை ஹாவென்ஸ்டைனுக்கு இருந்தது. அவர் சொல்லவில்லை. சட்டத்தை ஒரு பாராளுமன்றம் எழுதியதைப் போல இன்னொரு பாராளுமன்றம் திருத்தலாம். திருத்தச் சொல்லிக் கேட்பவர்கள் கெட்டவர்களாக இருக்கப் போவதில்லை. எங்களைப் போன்ற, சம்பளம் போதாத, நல்ல மனிதர்களாகத்தான் இருப்பார்கள்.

எனக்கும் சம்பளம் போதாது. கூட வேண்டும் என்று நானும் கேட்கிறேன், தொழிற்சங்கத்தோடு சேர்ந்து கேட்பேன். ஆனால் கேட்கும்போது அடுத்த கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும்: இந்தக் காசு எந்த வரியிலிருந்து வரும், யார் கட்டப் போகிறார்? அதற்குப் பதில் சொல்வது அரசியல்வாதிக்குக் கஷ்டம், ஏனென்றால் பணமுள்ள ஒருவரின் பேரைச் சொல்ல வேண்டி வரும். அச்சடிப்பதற்கு யாருடைய பேரும் சொல்லத் தேவையில்லை. பேர் சொல்லாமல் எடுக்கும் அந்த வரியில்தான் உம்மாவின் ஹஜ் காசு போனது.

கணித சேர் இதை வாசிப்பார் என்று நினைக்கிறேன். சேர், கோபிக்க வேண்டாம். நாளைக்குத் தேநீர் என் கணக்கில். இன்றைய விலையில்.